விற்பனைப் பக்கத்துக்கு 30 விநாடி வீடியோ: ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைனில் வீட்டுப் பொருட்கள் விற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில் முழுவதையும் ஒரே பொருளை வைத்துச் சொல்லியிருக்கிறேன்: 12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல். அளவு, எடை, அடுப்பு, பழக்குவது, பராமரிப்பு என்று வாங்குகிறவருக்கு இதில் கேட்க நிறைய இருக்கிறது. நீங்கள் விற்பது வேறு பொருளாக இருந்தாலும் யோசிக்கும் முறை இதுதான்.

வெறும் 30 விநாடிதானே? போனை எடுத்துச் சுற்றிச் சுற்றி எடுத்தால் போதாதா? ஸ்கிரிப்ட் எதற்கு?

சுற்றி எடுத்த வீடியோவில் பொருள் தெரியும். வாங்குகிறவரின் சந்தேகம் தீராது. தோசைக்கல்லை மேசையில் வைத்து ஒரு சுற்று எடுத்தால் பார்க்கிறவருக்குக் கிடைப்பது கறுப்பாக ஒரு வட்டமும் ஒரு கைப்பிடியும்தான். அது பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆறு படங்களிலும் தெரிந்துவிட்டது.

வீடியோவால் மட்டும் காட்ட முடிகிற விஷயங்கள் என்று சில உண்டு. ஒரு கையால் தூக்க முடிகிறதா, அடுப்பில் வைத்தால் பக்கத்து பர்னரை மறைக்கிறதா, தோசை ஒட்டாமல் எழும்புகிறதா என்பதெல்லாம் அசைவில்தான் தெரியும். எந்த அசைவு, எந்தக் கோணத்தில், எத்தனை விநாடி, மேலே என்ன எழுத்து என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ஸ்கிரிப்ட். அரைப் பக்கம் வரும், அவ்வளவுதான். அந்த அரைப் பக்கம் இல்லாமல் படம்பிடிக்கப் போனால், மாவு ஊற்றி முடித்த பிறகுதான் அடிப்புறத்தை எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். அப்போது கல் சூடாக இருக்கும், திருப்பிக் காட்ட முடியாது.

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது? எனக்கு முதல் வரியே வரவில்லை.

முதல் வரியைத் தேட வேண்டாம். முதலில் கேள்விகளைச் சேகரியுங்கள். உங்கள் விற்பனைப் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டவை, வாட்ஸ்அப்பில் வந்தவை, பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். புதிதாக விற்கத் தொடங்குகிறீர்கள் என்றால், இதே மாதிரிப் பொருளை விற்கும் மற்றவர்களின் பக்கங்களில் உள்ள குறைந்த நட்சத்திர மதிப்புரைகளைப் படியுங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்கான கச்சாப்பொருள் அங்கேதான் இருக்கிறது.

தோசைக்கல்லுக்கு வரும் கேள்விகளை ஏறக்குறைய இப்படிச் சுருக்கலாம். 12 அங்குலம் என்பது விளிம்போடு சேர்த்தா, மாவு ஊற்றும் இடம் மட்டுமா? எங்கள் இரட்டை பர்னர் அடுப்பில் அடங்குமா? எவ்வளவு கனம், அம்மாவால் தூக்க முடியுமா? இண்டக்‌ஷனில் வைக்கலாமா? பழக்கி வருகிறதா, நாங்கள் பழக்க வேண்டுமா? துருப்பிடிக்குமா?

ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி. ஸ்கிரிப்டின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. இந்த ஆறில் எதற்கும் பதில் சொல்லாத காட்சி (பூக்கள் நடுவே கல், சுழலும் லோகோ, கடை முகப்பு) ஸ்கிரிப்டில் இடம்பெறக் கூடாது. 30 விநாடியில் அதற்கு இடமில்லை.

அளவை எப்படிக் காட்டுவது? "12 அங்குலம்" என்று பெரிதாக எழுதினால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

12 அங்குலம் என்று படிக்கிறவர் தன் வீட்டுக் கல்லை நினைத்துக்கொள்கிறார். அந்தக் கல் எத்தனை அங்குலம் என்று அவர் அளந்து பார்த்திருக்க மாட்டார். எண்ணைச் சொன்னாலும் மனதில் விழும் அளவு வேறாகத்தான் இருக்கும். அதனால் அளவுக்கு இரண்டு காட்சி தேவை. ஒன்று எண்ணை நிரூபிக்க, இன்னொன்று அந்த எண் வீட்டில் எப்படி இருக்கும் என்று உணர்த்த.

எண்ணை நிரூபிக்கும் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. ஸ்கேல் நன்றாகப் பொருந்துகிறது. 12 அங்குலம் என்பது 30.5 செ.மீ., அதாவது கல்லின் விட்டமும் ஸ்கேலும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஸ்கேலைப் பார்க்காத வீடு கிடையாது. முதலில் விளிம்பிலிருந்து விளிம்பு வரை குறுக்கே வையுங்கள், பிறகு கல்லுக்கு உள்ளே, மாவு பரவும் தட்டையான பகுதியில் வையுங்கள். நாம் எடுத்துக்கொண்ட கல்லில் வெளி விட்டம் 30.5, உள்பரப்பு 27 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றரை செ.மீ. வித்தியாசம்தான் "12 அங்குலம் என்று சொல்லி 11-கூட இல்லாததை அனுப்பிவிட்டார்கள்" என்ற மதிப்புரையாக மாறுகிறது. இரண்டு எண்ணையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அந்தப் புகாருக்கு வழியில்லை. கடையில் எல்லோரும் அங்குலத்தில்தான் பேசுகிறோம். ஆனால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவைத்தான் ஏற்கிறது. அதனால் அளவு காட்டும் எழுத்தில் செ.மீ. கண்டிப்பாக இருக்கட்டும்.

அடுத்தது உணர்த்தும் காட்சி. கல்லை இரட்டை பர்னர் அடுப்பில் ஒரு பக்கம் வைத்து, அடுத்த பர்னரில் 5 லிட்டர் குக்கரை வையுங்கள். கல்லின் விளிம்புக்கும் குக்கருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, கைப்பிடி அடுப்பைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். குக்கர் உள்ளே வரவில்லை, இடிக்கிறது என்றால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். சின்ன அடுப்பு வைத்திருப்பவர் 10 அங்குலத்தை வாங்கிக்கொள்வார். வாங்கித் திருப்பி அனுப்புவதைவிட அது உங்களுக்கும் நல்லது.

ஸ்கிரிப்டில் கேமரா நிற்கும் இடத்தையும் எழுதுங்கள். போனைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் பகுதி பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். கைப்பிடிப் பக்கமிருந்து எடுத்தால் கைப்பிடி உலக்கை மாதிரி தெரியும், கல் ஆப்பச்சட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டடி மூன்றடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும். ஸ்கேல் வைக்கும் காட்சியில் போன் நேர் மேலே, கல்லுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், ஸ்கேலில் இருக்கும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

கை வைத்துக் காட்டலாமா? நாணயம், ஏ.டி.எம். கார்டு?

கை வைப்பது தூக்கும் காட்சிக்கு நல்லது, அளவுக்கு அல்ல. ஒருவர் கை இன்னொருவர் கை மாதிரி இருக்காது. நாணயமும் வேண்டாம். நம் ஊரில் ஒரே மதிப்புள்ள நாணயமே வெவ்வேறு அளவுகளில் புழக்கத்தில் இருக்கிறது. கார்டு பரவாயில்லை, எல்லா வங்கிக் கார்டும் 8.56 செ.மீ. நீளம், 5.4 செ.மீ. அகலம்தான். பர்ஸ், சோப்புப் பெட்டி மாதிரி கையளவுப் பொருட்களுக்கு அது பொருத்தம். ஆனால் எண்கள் தெரியாமல் திருப்பி வையுங்கள், பழைய கார்டாக இருந்தாலும் சரி.

பொதுவாக ஒரு பொருள் எதோடு சேர்ந்து புழங்குமோ அதையே அளவுகோலாக வைப்பது நல்லது. தோசைக்கல்லுக்கு அடுப்பு, கம்மலுக்குக் காது, தண்ணீர் பாட்டிலுக்குப் பள்ளிப் பையின் பக்கவாட்டுப் பை. ஒப்பிட வைக்கும் பொருளும் விற்கும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் வைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

முழு ஸ்கிரிப்ட் ஒன்றைக் காட்ட முடியுமா?

நாம் பேசிக்கொண்டிருக்கும் கல்லுக்கு இது. கைப்பிடியோடு மொத்த நீளம் 44 செ.மீ., எடை 2.6 கிலோ, அடிப்புறம் சமதளம், எண்ணெய் போட்டுப் பழக்கி அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொண்டேன். உங்கள் கல்லை நீங்களே அளந்து, நிறுத்து எண்களைப் போடுங்கள். பட்டறைக்காரர் சொன்ன எண்ணை அப்படியே எழுத வேண்டாம். வார்ப்பில் கல்லுக்குக் கல் சிறிது மாறும். நாலைந்து கல்லை நிறுத்துப் பார்த்து, மாறுகிறது என்றால் "சுமார்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்சி 1 (0 முதல் 3 விநாடி): கல்லில் வெந்துகொண்டிருக்கும் முழு தோசை. தோசைத் திருப்பி ஓரத்தில் நுழைந்து தோசையைத் தூக்குகிறது. கல் முழுவதும் சட்டகத்துக்குள். எழுத்து: "வார்ப்பிரும்பு தோசைக்கல், 12 அங்குலம்".

காட்சி 2 (3 முதல் 9): நேர் மேலிருந்து. வெளிர்நிறத் துணிமேல் ஆறிய கல். ஒரு கை ஸ்கேலைக் குறுக்கே வைக்கிறது. எழுத்து: "வெளி விட்டம் 30.5 செ.மீ." அதே கை ஸ்கேலை உள்ளே நகர்த்துகிறது. எழுத்து மாறுகிறது: "மாவு ஊற்றும் பரப்பு 27 செ.மீ."

காட்சி 3 (9 முதல் 13): இரட்டை பர்னர் அடுப்பு, நின்று பார்க்கும் உயரத்திலிருந்து. கல்லுக்குப் பக்கத்தில் 5 லிட்டர் குக்கர். எழுத்து: "கைப்பிடியோடு நீளம் 44 செ.மீ."

காட்சி 4 (13 முதல் 16): ஒரு கை கல்லை அடுப்பிலிருந்து தூக்கிச் சமையலறைத் தராசில் வைக்கிறது. தராசின் எண் தெரிகிறது. எழுத்து: "எடை சுமார் 2.6 கிலோ".

காட்சி 5 (16 முதல் 23): வெட்டிய வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பது, ஒரு கரண்டி மாவு ஊற்றி வட்டமாக இழுப்பது, வெந்த தோசையை எடுப்பது. எழுத்து: "பழக்கிய கல்: கழுவி, எண்ணெய் தடவிப் பயன்படுத்தலாம்".

காட்சி 6 (23 முதல் 26): ஆறிய கல்லைத் திருப்பி அடிப்புறம். பிறகு இண்டக்‌ஷன் அடுப்பின்மேல் வைக்கிறது கை. எழுத்து: "சமதள அடி. கேஸ், இண்டக்‌ஷன் இரண்டுக்கும்".

காட்சி 7 (26 முதல் 30): கழுவிய கல்லைத் துணியால் துடைத்து எண்ணெய் தடவுவது. எழுத்து: "கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவவும். ஈரம் நின்றால் துருப்பிடிக்கும்".

முதல் மூன்று விநாடியில் லோகோ இல்லை, வணக்கம் இல்லை. தோசையோடு ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கல் என்ன செய்யும் என்பது அந்த ஒரு அசைவில் வந்துவிடுகிறது. அளவு இரண்டாவதாக வருவதற்கும் காரணம் உண்டு. பலர் பாதியில் நகர்ந்துவிடுவார்கள். பத்தாவது விநாடிக்குள் அளவைப் பார்த்துவிட்டுப் போனால் தவறான அளவை வாங்க மாட்டார்கள்.

கடைசிக் காட்சியில் துரு என்ற வார்த்தை வருவது சிலருக்குப் பிடிப்பதில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். எடுக்க வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நாலு விநாடியில் காட்டினால், கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் சிவந்த கல்லைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் குறைவார்கள்.

பேசிப் பதிவு செய்யலாமா, எழுத்து மட்டும் போதுமா?

எழுத்து இல்லாமல் முடியாது. குரல் உங்கள் விருப்பம். விற்பனைப் பக்கங்களில் பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், பஸ்ஸில், அலுவலகத்தில், பிள்ளை தூங்கும் நேரத்தில். முக்கியமான தகவல் எதுவும் குரலில் மட்டும் இருக்கக் கூடாது.

குரல் வைத்தால் 30 விநாடிக்கு 50, 55 சொல்லுக்குமேல் எழுதாதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. "பயன்படுத்துவதற்கு" என்று ஒரு சொல்லைச் சொல்லவே ஒரு விநாடி போய்விடும். எழுதியதைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்தால் இது உடனே தெரியும். திரை எழுத்துக்கு இன்னும் குறைவு: மூன்று விநாடிக் காட்சிக்கு நாலைந்து சொல். ஒரே காட்சியில் இரண்டு எண் சொல்ல வேண்டியிருந்தால், காட்சி 2-ல் செய்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். எழுத்தைத் திரையின் அடியோரத்தில் வைக்காதீர்கள், பல செயலிகளில் பொத்தான்கள் அந்த இடத்தை மறைக்கும்.

உபயோகிக்கும் காட்சியில் எவ்வளவு காட்ட வேண்டும்? தோசை வேக ஒன்றிரண்டு நிமிடம் ஆகுமே.

வேகும் நேரத்தை வெட்டிவிடலாம். வெட்டக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. திருப்பி தோசையின் ஓரத்தில் நுழைவதிலிருந்து தோசை முழுதாக எழும்பும் வரை ஒரே ஷாட்டாக இருக்க வேண்டும். நடுவில் வெட்டு விழுந்தால், ஒட்டிக்கொண்டதை மறைத்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. "வெட்டு இல்லை" என்று ஸ்கிரிப்டில் அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எடிட் செய்கிறவர் வேறு ஆளாக இருந்தால் இது கட்டாயம்.

எந்தக் கல்லில் எடுப்பது என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் பல வருடம் புழங்கிய கல்லில் தோசை அழகாக வரும், கறுப்பும் பளபளப்பாக இருக்கும். வாங்குகிறவருக்குப் போவது அந்தக் கல் அல்ல. புதுக் கல் சற்றுச் சாம்பல் கலந்த மங்கலான கறுப்பு, முதல் சில தோசைகள் ஓரத்தில் பிடிக்கவும் செய்யும். பெட்டியிலிருந்து எடுத்த கல்லில், நீங்கள் சொல்லும் முறைப்படி கழுவி எண்ணெய் தடவி, அதில் வரும் தோசையைத்தான் எடுக்க வேண்டும். நாலாவது தோசைதான் சரியாக வந்தது என்றால் "முதல் சில தோசைகளுக்குப் பிறகு" என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். இதைப் பார்த்து வாங்குகிறவர் முதல் தோசை பிய்ந்ததும் போனை எடுத்துப் புகார் எழுத மாட்டார்.

பார்க்க நன்றாக இருக்கிறது என்று தவறான பழக்கத்தைக் காட்டிவிடக் கூடாது. சூடான கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் புகை கிளப்பும் காட்சி கண்ணைப் பறிக்கும். ஆனால் வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை உள்ளது, திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடலாம். வீடியோவில் நீங்கள் செய்வதுதான் வாங்குகிறவருக்குச் செய்முறை விளக்கம். சூடு பார்க்க நாலு துளி தெளிப்பது போதும்.

எங்கள் பொருளில் பத்து சிறப்பம்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டாமா?

வேண்டாம். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய மூன்று போதும், மற்றவை எழுத்து விவரத்தில் இருக்கட்டும். "நீடித்து உழைக்கும்" என்பதை 3 விநாடியில் யாராலும் காட்ட முடியாது. "சமதள அடி" என்பதைத் திருப்பினால் தெரிகிறது. ஒரு சிறப்பம்சத்துக்கு என்ன காட்சி வைப்பது என்று யோசித்து எதுவும் தோன்றவில்லையென்றால், அது வீடியோவுக்கு உரியதல்ல.

இண்டக்‌ஷன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்டும், அதனால் இண்டக்‌ஷனில் சூடாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் 12 அங்குலக் கல்லைவிடச் சிறியது. நடுவில் சீக்கிரம் சூடேறி ஓரம் மெதுவாகத்தான் பின்தொடரும். "குறைந்த சூட்டில் தொடங்கவும்" என்று விவரப் பகுதியில் எழுதுங்கள். வீடியோவில் இண்டக்‌ஷனில் தோசை சுடும் காட்சி வைப்பதாக இருந்தால், உண்மையிலேயே அதில் சுட்டுப் பார்த்து, ஓரம் வெந்தால் மட்டும் வையுங்கள்.

எதையெல்லாம் எழுதவே கூடாது?

விலை, தள்ளுபடி, "இன்று மட்டும்", போன் நம்பர், உங்கள் சொந்தக் கடையின் இணைய முகவரி, போட்டியாளரின் பெயர். பெரிய விற்பனைத் தளங்கள் பொதுவாக இவற்றை ஏற்பதில்லை. விலை மாறிவிட்டால் வீடியோவும் பழையதாகிவிடும். அதிகபட்ச நீளமும் கோப்பின் அளவும் தளத்துக்குத் தளம் வேறுபடும். பதிவேற்றும் பக்கத்தில் படித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். 15 விநாடிதான் என்றால் மேலே உள்ள ஸ்கிரிப்டில் 1, 2, 3, 5 காட்சிகளை மட்டும் வைத்து, ஐந்தாவதைத் தோசை எழும்பும் ஷாட்டாகச் சுருக்குங்கள்.

அடுத்தது நிரூபிக்க முடியாத வாக்குறுதிகள். "இந்தக் கல்லில் சமைத்தால் ரத்தசோகை தீரும்", "நூறு சதவீதம் ஒட்டாது", "நாட்டிலேயே சிறந்தது" போன்றவை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பொருள் விற்கும் வீடியோவும் விளம்பரம்தான்.

பெட்டியில் வராத பொருளைக் காட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். காட்சி 5-ல் திருப்பியும் கரண்டியும் வருகின்றன. அவை கல்லோடு வராது என்றால், "கல் மட்டும் அனுப்பப்படும்" என்று அந்தக் காட்சியில் சிறியதாகவாவது எழுதுங்கள்.

10, 11, 12 அங்குலம் என்று மூன்று அளவு விற்கிறேன். மூன்று வீடியோ எடுக்க வேண்டுமா?

மூன்று முழு வீடியோ தேவையில்லை. அளவைச் சொல்லும் எழுத்தும் காட்சிகளும் (1 முதல் 4 வரை) மூன்று அளவுக்கும் தனித்தனியாக எடுக்கப்பட்டால் போதும், மற்றவை பொது. முதல் காட்சியில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தை அப்படியே விடாதீர்கள். 12 அங்குலக் கல்லில் சுட்ட பெரிய தோசையைப் பார்த்துவிட்டு 10 அங்குலத்தை வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

தளம் எல்லா அளவுக்கும் ஒரே வீடியோவைத்தான் அனுமதிக்கிறது என்றால், காட்சி 2-ல் மூன்று கல்லையும் பக்கம் பக்கமாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றின்மேலும் அதன் எண் நிற்கட்டும்: 25.4, 27.9, 30.5 செ.மீ. பிறகு தோசை சுடும் காட்சியில் "காட்சியில் இருப்பது 12 அங்குலம்" என்ற எழுத்து கடைசி வரை நிற்க வேண்டும்.

கிரானைட் மேடையில் எடுத்தேன், கல்லே தெரியவில்லை. இதையும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டுமா?

கட்டாயம். கறுப்பு மேடைமேல் கறுப்புக் கல் வைத்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. அளவு காட்டும் காட்சியே வீணாகிவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் பின்னணியை ஒரு சொல்லில் எழுதுங்கள்: வெளிர்த் துணி, மரப்பலகை, ஸ்டீல் அடுப்பு. சட்டகம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, இரும்பை வெளுத்த சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் கல்லைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் உண்மை நிறம் வரும்.

எழுதி முடித்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படம்பிடிக்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். கடிகாரத்தை ஓடவிட்டு, அடுப்புப் பற்றவைக்காமல், ஸ்கிரிப்டில் உள்ள அசைவுகளை அதே வரிசையில் செய்து பாருங்கள். ஸ்கேலை வெளியே வைத்து உள்ளே நகர்த்துவதற்கு ஆறு விநாடி போதாமல் எட்டு ஆகிறது என்றால், இன்னொரு காட்சியில் இரண்டைக் குறைக்க வேண்டும். தூக்கும் காட்சியில் குறைக்காதீர்கள். அவசரமாகத் தூக்கினால் கனம் தெரியாது.

வீடியோ தயாரானதும், இந்தக் கல்லைப் பார்த்திராத ஒருவரிடம் சத்தத்தை அணைத்துப் போனில் ஒருமுறை மட்டும் காட்டுங்கள். பிறகு கல் எவ்வளவு அகலம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்லி, அந்த இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். 28-லிருந்து 33 செ.மீ.க்குள் வந்தால் அளவுக் காட்சி வேலை செய்கிறது. 40 என்று விரித்தால் கேமரா மிக அருகில் நின்றிருக்கிறது, அல்லது அடுப்புக் காட்சி மிகச் சுருக்கமாகப் போய்விட்டது. அடுத்து "உங்கள் வீட்டு அடுப்பில் வைக்க முடியுமா?", "கல்லோடு வேறு என்ன வரும்?", "கழுவினால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்குத் தயங்குகிறாரோ அந்தக் காட்சியை மட்டும் திரும்ப எழுதி எடுத்தால் போதும். முழு வீடியோவையும் கலைக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் ஏற்றியபிறகும் வரும் கேள்விகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வீடியோவில் பதில் இருந்தும் ஒரே கேள்வி மறுபடி மறுபடி வந்தால், அந்தப் பதில் மிகப் பின்னால் இருக்கிறது அல்லது அதன் எழுத்து படிக்கும் முன் மறைந்துவிடுகிறது. அந்தக் காட்சியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது எழுத்தை ஒரு விநாடி கூடுதலாக நிற்க விடுங்கள்.